இட்லிப் பொடி டப்பாவில் என்ன எழுதுவது?

வீட்டில் இட்லிப் பொடி விற்பவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்தச் சிட்டிகையே போதும். அதனால் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் சீட்டு எழுத வேண்டும்.

சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுதுவதே முறை: "உளுந்து, கடலைப் பருப்பு, மிளகாய் வற்றல், எள், உப்பு, கூட்டுப் பெருங்காயம் (கோதுமை மாவு கலந்தது)." அதன் கீழே தனி வரியில், "கோதுமை, எள் உள்ளது. வேர்க்கடலை வறுக்கும் அதே வாணலியில் தயாரித்தது." எள்ளை விட்டுவிடாதீர்கள்; அமெரிக்காவில் 2023 முதல் அதையும் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தாக வேண்டும். ஊறுகாய் என்றால் கடுகையும் சேருங்கள், பிரிட்டனில் அது கட்டாயம்.

கெடுநாளை மட்டும் பக்கத்து வீட்டுச் சீட்டைப் பார்த்து எழுதக் கூடாது. ஒரே ஈடில் சில டப்பாக்களை எடுத்துவைத்து, மாதம் ஒன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். எள் காறல் வாடை அடித்தாலோ பொடி கட்டி தட்டினாலோ, அதற்கு ஒரு மாதம் முந்தைய தேதியைப் போடுங்கள். தயாரித்த தேதியும் அருகிலேயே இருக்கட்டும்.