டப்பாவில் இருப்பது மைதாவா, கோதுமையா?

பெயர் எழுதாத நான்கு டப்பாக்களைப் படம் எடுத்து, “இதில் எது மைதா?” என்று குடும்பக் குழுவில் போட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். எல்லாரும் முதலில் பார்ப்பது நிறத்தை. படத்தில் சுலபமாக ஏமாற்றுவதும் அதுதான்.

மஞ்சள் பல்பு எரியும் சமையலறையில் எடுத்த படத்தில் மைதா இளமஞ்சளாகி, கடலை மாவோ என்று நினைக்க வைக்கும். கேமரா செய்கிற இன்னொரு வேலையும் உண்டு. படம் முழுக்க வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று எண்ணி அது தானாகவே குறைத்துவிடும். டப்பாவுக்குள் கேமராவை நெருக்கி மைதாவை எடுத்தால் சாம்பல் பூத்தாற்போல் விழுவது இதனால்தான். ஆகவே தனித்தனியாக எடுத்த இரண்டு படங்களை வைத்து, இது அதைவிட வெளுப்பு என்று சொல்வதில் பொருளில்லை. மாவுகள் ஒரே படத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் இருக்க வேண்டும். தாளே மஞ்சளாகத் தெரிந்தால் அந்த அளவு மஞ்சளை எல்லா மாவிலிருந்தும் மனதால் கழித்துவிடலாம்.

நிறத்தைவிடக் குருணையை நம்பலாம். ரவை என்பது கோதுமையின் வெள்ளைப் பகுதியை உடைத்த குருணை. சாதாரண உப்புமா ரவையின் ஒரு குருணை சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும். மைதா அதே வெள்ளைப் பகுதியை நைஸாக அரைத்துச் சலித்தது. அதன் துகள் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டருக்கும் கீழே. ஒரு செல்போன் படத்தின் அகலம் 4000 புள்ளிகள், அதில் தெரியும் பரப்பு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்கு 20 புள்ளிகள் கிடைக்கும். ரவையின் குருணை 10 புள்ளி அகலத்துக்குத் தனியாகத் தெரியும். மைதாவின் துகளுக்குக் கிடைப்பது நான்கு புள்ளிகளுக்கும் குறைவு, அதனால் வழவழப்பான பரப்பாகவே விழும். அதே படம் யாருக்கோ அனுப்பும்போது 1600 புள்ளிகளுக்குச் சுருங்கினால் ரவைக்கும் நான்கு புள்ளிதான் மிஞ்சும். அப்புறம் ரவையும் மாவாகத்தான் தெரியும்.

என் அக்கா மகள் வேலைக்குப் போன ஊரிலிருந்து அனுப்பிய படம் அப்படித்தான் இருந்தது. ராத்திரி நேரம், மேலிருந்து ஃபிளாஷ், மூன்று கிண்ணங்களும் ஒரே மஞ்சள் பசை. “சித்தி, இதுல எதைப் பூரிக்கு எடுக்கறது?” என்றாள். காலையில் ஜன்னலோரம் ஒரு தாளில் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் கொட்டி, ஸ்பூனின் முதுகால் லேசாக அழுத்திவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

இந்தமுறை பக்கவாட்டு வெளிச்சம். ஒரு குவியலில் ஒவ்வொரு குருணைக்கும் பக்கத்தில் குட்டி நிழல். அழுத்திய தடமும் நிற்காமல் சரிந்திருந்தது. அது ரவை. அடுத்ததில் ஸ்பூனின் விளிம்பு வெட்டியதுபோல் பதிந்திருந்தது, ஓரங்களில் கட்டிகள். மைதாவும் இப்படி நிற்கும், கடலை மாவும் நிற்கும். ஆனால் தாள் வெள்ளையாக இருக்க, அது மட்டும் ஒரே சீரான மஞ்சள், புள்ளியே இல்லை. தோல் நீக்கிய கடலைப் பருப்பை அரைத்தது என்பதால் கடலை மாவுக்கு அந்தச் சீர் உண்டு. மூன்றாவது குவியல் பழுப்புச் சாயல். படத்தைப் பெரிதாக்கியபோது அங்கங்கே செம்பழுப்புத் துணுக்குகள் தெரிந்தன. அது தவிடு. மைதாவில் தவிடு சலித்து எடுக்கப்பட்டிருக்கும். முழுக் கோதுமை மாவில் கூடவே அரைபட்டிருக்கும். அவள் பூரிக்கு எடுக்க வேண்டியது அந்த மூன்றாவதைத்தான்.

இந்த முறையும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. கோதுமை மாவை மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டை நீக்கிவிட்டால் அதற்கும் மைதாவுக்கும் படத்தில் வித்தியாசம் காண்பது கஷ்டம். சிரோட்டி ரவை நைஸானது; தூரத்தில் எடுத்தால் மைதாவாகவே தெரியும். கடலை மாவில் பட்டாணி மாவைக் கலந்திருந்தால் எந்தப் படமும் காட்டிக்கொடுக்காது, இரண்டும் மஞ்சள், இரண்டும் நைஸ். மைதாவையும் அரிசி மாவையும் படத்தை வைத்துப் பிரிக்க நான் முயல்வதே இல்லை. அதற்கு ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் போதும். மைதா என்றால் இழுத்தால் நீளும், அரிசி மாவு என்றால் உடைந்துவிடும்.