பிஸ்டனில் எரியும் பெட்ரோல்

லாரிகள் நின்றுபோகும் நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடைகள் சிலவற்றில், திருகு வைத்த இரும்புச் சட்டத்தில் பழைய எஞ்சின் பிஸ்டன் ஒன்றை மாட்டி வைத்திருப்பார்கள். தட்டையான தலை கீழே, குழிந்த பக்கம் மேலே. குழிக்குள் அளவாகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால், அலுமினியம் சூட்டைச் சீராக வாங்கி, அடியில் இறுகிக் கிடக்கும் டியூபுக்குக் கொடுக்கும். ஊற்றியது எரிந்து தீர்ந்து பிஸ்டன் ஆறினால் வேலை முடிந்தது. தெர்மாமீட்டர் கிடையாது, கடிகாரமும் கிடையாது. ஊற்றும் அளவிலேயே இரண்டும் அடங்கிவிடும். கரண்ட் மெஷின் வந்த பிறகும் செய்முறை மாறவில்லை. நெருப்புக்குப் பதில் காயில், அவ்வளவே.

இப்படிச் சுட்டு ஒட்டுவதுதான் ஹாட் பேட்ச். டியூபில் ஓட்டை உள்ள இடத்தைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அதன்மேல் வேகாத கச்சா ரப்பர் துண்டு ஒன்றை வைப்பார்கள். அந்தத் துண்டில் கந்தகம் கலந்திருக்கும். சூடு 140, 150 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும்போது, கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளுக்கு இடையே குறுக்கு முடிச்சுகள் போடுகிறது. 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டுகொண்டது இதைத்தான். துண்டுக்குள் மட்டுமல்ல, துண்டுக்கும் டியூபுக்கும் நடுவிலும் முடிச்சு விழுவதால், நன்றாக வெந்த ஒட்டைப் பிய்க்கப் பார்த்தால் டியூபும் சேர்ந்து கிழியும்.

கோல்டு பேட்ச்சில் நெருப்பு இல்லை. பேட்ச் ஏற்கெனவே வெந்த ரப்பர். அதன் அடியில் மட்டும் மெல்லிய வேகாத படலம் இருக்கும். நல்ல ரக சொல்யூஷனில் உள்ள மருந்து அந்தப் படலத்தோடு சேர்ந்து, சாதாரண வெப்பத்திலேயே மெதுவாக முடிச்சுப் போடும். மலிவான சொல்யூஷன் வெறும் பசைதான். இந்த வித்தியாசம் கடையில் தெரியாது, ஓட்டத்தில்தான் தெரியும்.

கோல்டு பேட்ச் பெரும்பாலும் கெடுவது அவசரத்தால். சொல்யூஷன் தடவிய இடத்தில் ஈர மினுமினுப்பு போய் மங்கும்வரை மூன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கிக் குமிழாகிறது. சீக்கிரம் காய வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரம் படிந்து பிடிப்பு குறையும். உப்புத்தாள் தேய்த்த இடத்தை விரலால் தொட்டுப் பார்ப்பதும் தப்பு, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும்.

சைக்கிளுக்கும் பைக்கிற்கும் பொறுமையாகப் போட்ட கோல்டு பேட்ச் தாராளமாகப் போதும். லாரியில் கதை வேறு. பின் சக்கரத்தில் சிறிய ஆணி ஓட்டை, கிளீனர் அவசரத்தில் சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் ஒரு குமிழ் வராது. சோதனைக்கு டியூபில் கொஞ்சம்தான் காற்று, அதுவும் சூடில்லாதது. வண்டி சுமையோடு வெயிலில் ஓடத் தொடங்கியதும் டயர் வளைந்து நிமிர்ந்து சூடேறுகிறது, டியூபும் கொதிக்கிறது. முடிச்சு விழாத பசை இளகி, பேட்ச் மெல்ல நகர்ந்து, ஓட்டையின் ஓரம் தெரிந்துவிடும். இரண்டாம் முறை கழற்றும்போது பேட்ச் ஒரு பக்கம் நழுவிக் கிடந்தால் காரணம் இதுதான். பாரம் ஏற்றும் வண்டிக்கு ஹாட் பேட்ச் கேட்பது அதனால் நியாயமே.

ஹாட் பேட்ச்சிலும் கெடுவதற்கு வழியுண்டு. ஆறிய ஒட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்க்கலாம். தடம் அப்படியே நின்றால் வேகவில்லை. எழும்பி மறைந்தால் வெந்திருக்கிறது. நகமே இறங்காமல், மடக்கினால் வெடிப்பு விட்டால் கருகியிருக்கிறது. திருகை மிதமிஞ்சி இறுக்கினால் டியூபின் சுவர் அங்கே மெலிந்து, அடுத்த முறை ஒட்டின் ஓரத்திலேயே கிழியும். டியூபுக்குள் பவுடர் இல்லாவிட்டால் மேல்சுவரும் கீழ்ச்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு.

டியூப் எதனால் ஆனது என்றும் பார்க்க வேண்டும். பியூட்டைல் டியூபில் காற்று எளிதில் கசியாது. ஆனால் கந்தகம் பிடித்துக்கொள்ள அதில் கொக்கிகள் குறைவு. இயற்கை ரப்பருக்கான கச்சாத் துண்டை அதில் வைத்து எவ்வளவு சுட்டாலும் ஒட்டு முழுசாகப் பிடிக்காது, ஓரம் எழும்பும். பியூட்டைலுக்கு ஏற்ற துண்டுதான் வேண்டும். வால்வை ஒட்டிய கிழிசலுக்கு எதைப் போட்டாலும் வீண். டியூபையே மாற்ற வேண்டும்.

டியூபைத் திரும்பப் போடும் முன் அனுபவசாலிகள் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்தபடி சுற்றி வருவார்கள். ஆணியின் உடைந்த முனை எங்காவது நின்றிருந்தால் துணி அதில் மாட்டும். அது அங்கேயே இருந்தால், சூட்டில் ஒட்டியதும் பசையில் ஒட்டியதும் சில கிலோமீட்டரில் ஒன்றாகவே ஓட்டையாகும்.