தேடினால் கிடைக்க வேண்டும், திறந்தும் கிடக்கக் கூடாது

பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. விருதுநகர் மாவட்டம் ஆனைக்குட்டத்திலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அல்லது வாயிலில் ஒப்படைக்க வேண்டும். குடும்பத்தின் மருத்துவ அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் மின்வடிவில் சேமிப்பதைப் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டிய செய்தி இது. அந்தக் காகிதங்கள் மிக அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில், அவற்றுக்கு உரியவரின் கையில் கைபேசி இருக்காது. தேடப்போகிறவர் வேறொருவர்.

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய்க்கு வயது 48. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வருகின்றன. பென்சிலின் ஊசி ஒருமுறை ஒவ்வாமல் போயிருக்கிறது. கடந்த ஆண்டு எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் சற்றுக் கூடுதல். கணவரும் அதே ஆலையில்தான் வேலை பார்க்கிறார். மகள் கோவையில் இருக்கிறார். விபத்து நேர்ந்தால் முதலில் சிவகாசி அரசு மருத்துவமனை. காயம் கடுமை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. இரண்டு இடங்களிலும் மருத்துவர்கள் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள்: என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒவ்வாது, சிறுநீரகம் முன்பு எப்படி இருந்தது?

மூன்றாவது கேள்விக்கு வாய்வார்த்தையாகப் பதில் சொல்ல முடியாது. இன்றைய பரிசோதனையில் கிரியாட்டினின் 1.8 என்று வந்தால், அது தீக்காயத்தால் உடலில் நீர் குறைந்து புதிதாக ஏறியதா, முன்பே இருந்ததா என்பதைப் பழைய எண்ணோடு ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலிநிவாரணிகளையும் நுண்ணுயிர்க்கொல்லிகளையும் எந்த அளவில் கொடுப்பது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. எனவே நமக்கு முன்னால் இருக்கும் சோதனை இதுதான்: கோவையில் இருக்கும் மகளால் தாயின் சென்ற ஆண்டுக் கிரியாட்டினின் அறிக்கையை இரண்டு நிமிடத்தில் எடுக்க முடியுமா?

இன்று பெரும்பாலான வீடுகளில் அது வாட்ஸ்அப்பில்தான் இருக்கும். ஆய்வகம் அனுப்பிய பிடிஎஃப் கோப்பு குடும்பக் குழுவில் போடப்பட்டிருக்கும். அங்கே தேடினால் செய்தியில் எழுதியவையும் கோப்பின் பெயரும்தான் அகப்படும். படத்துக்குள் அச்சாகியிருக்கும் எழுத்தைத் தேடுவதற்கு அதை நம்ப முடியாது. ஆய்வகம் வைத்த கோப்புப் பெயரோ வெறும் எண்களின் வரிசை. காகிதத்தைப் புகைப்படமாக அனுப்பியிருந்தால் படம் சுருங்கி, தசமப் புள்ளி தெரியாமல் போவதும் உண்டு. அந்தரங்கத்தைப் பார்த்தால், வழியில் யாரும் படிக்க முடியாதபடி செய்தி மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் செல்கிறது. ஆனால், குழுவில் இருக்கும் பன்னிரண்டு பேரின் கைபேசியிலும் அதன் நகல் இறங்கிவிடுகிறது. வழி பாதுகாப்பானது, சேருமிடம் அப்படியல்ல.

அடுத்தது, கூகுள் போட்டோஸ் போன்ற படச் சேமிப்பு. தேடுவதில் இதற்கு இணை குறைவு. தேடல் பெட்டியில் `creatinine` என்று தட்டினால், அந்தச் சொல் அச்சிடப்பட்ட பக்கங்களின் படங்களை எடுத்துத் தரும். கையெழுத்துச் சீட்டில் இது தடுமாறும். மருந்தின் பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016-இல் விதி திருத்தியபோதும், சீட்டுகள் பெரிதாக மாறிவிடவில்லை என்பதை எந்த மருந்துக்கடைக்காரரும் சொல்வார். இன்னொரு தடுமாற்றம் பெயரில் வரும். ஒரே மனிதர் ஓர் ஆய்வகத்தில் `Muthiah`, இன்னொன்றில் `Muthaiya`, அரசு மருத்துவமனைச் சீட்டில் தமிழில் முத்தையா. ஒரு பெயரைத் தேடினால் மற்ற இரண்டும் வராமல் போகலாம்.

இந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. பக்கத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேடித் தர வேண்டுமானால், தேடித் தருகிற இயந்திரம் அந்தப் பக்கத்தைப் படித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2021-இல் ஒரு தந்தை, தன் குழந்தையின் பிறப்புறுப்பில் ஏற்பட்ட வீக்கத்தை மருத்துவருக்குக் காட்டப் படம் எடுத்தார். அது தானாகவே கூகுள் சேமிப்பில் ஏறியது. நிறுவனத்தின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படம் என்று கருதி, அவருடைய கணக்கையே முடக்கியது. காவல்துறை விசாரித்து அவர்மீது குற்றமில்லை என்றது, கணக்கு திரும்பவில்லை. மின்னஞ்சல், படங்கள், தொடர்பு எண்கள் எல்லாம் போயின. 2022-இல் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. அரிதான நிகழ்வுதான். எனினும், ஒரே கணக்கில் எல்லாவற்றையும் வைப்பது எப்படிப்பட்டது என்பதை இது காட்டுகிறது.

சரி, பூட்டி வைக்கலாம் என்றால், அதே செயலியில் 'பூட்டிய கோப்புறை' இருக்கிறது. அதற்குள் போட்ட படம் மற்ற செயலிகளுக்குத் தெரியாது, தேடலிலும் வராது. பூட்டுக்குள் இருப்பதை விரலால் தள்ளித் தள்ளித்தான் பார்க்க வேண்டும். நகல் மேகச் சேமிப்புக்குப் போகும் ஏற்பாட்டைச் செய்யாமல் விட்டால், கைபேசி உடைந்த அன்றே படங்களும் போய்விடும். தேடல் எளிதாக இருக்கும் இடத்தில் அந்தரங்கம் மெலிகிறது. அந்தரங்கம் வலுவாக இருக்கும் இடத்தில் தேடல் செத்துவிடுகிறது. எந்தச் செயலி நல்லது என்ற கேள்வி இதனால்தான் நம்மை எங்கும் கொண்டுசேர்ப்பதில்லை.

இதிலிருந்து வெளியேற எளிய வழி ஒன்று உண்டு. தேடலுக்கான சொல்லைப் பக்கத்துக்குள்ளிருந்து எடுத்து, கோப்பின் பெயரில் வைத்துவிடுவது. பெயரை நாமே எழுதினால், உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த இயந்திரமும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தை வெறும் படமாக எடுக்காமல், கைபேசியில் உள்ள ஸ்கேன் வசதியால் பிடிஎஃப் ஆக்கி இப்படிப் பெயரிடலாம்:

```
2024-03-12_amma_lab_creatinine_hba1c.pdf
2024-03-20_amma_prescription_sugar.pdf
2023-11-05_appa_xray_chest_report.pdf
```

ஆண்டு முன்னால் வருவதால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். 03-04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பமும் வராது. 'அம்மா' என்று எழுதுவதால் ஆய்வகத்தின் எழுத்துப் பிழை நம்மைப் பாதிக்காது. தமிழிலும் பெயரிடலாம், ஆனால், ஏதாவது ஒரு எழுத்துமுறையில் நின்றுவிட வேண்டும். `sugar` என்று தேடுகிறவருக்கு 'சர்க்கரை' என்று பெயரிட்ட கோப்பு அகப்படாது. மகள் செய்ய வேண்டியது `amma creatinine` என்று தட்டுவது மட்டுமே. இருவருக்கும் பொதுவான மேகக் கோப்புறையில் இருந்தால் சில நொடி வேலை.

கோப்பின் பெயரும் பேசும் என்பதை மறக்கக் கூடாது. காசநோய், மனநலம், கருத்தரிப்பு தொடர்பான காகிதங்களுக்கு நோயின் பெயரை எழுதினால், பட்டியலைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும். அவற்றுக்குத் தேதியும் ஆளும் போதும். அந்தச் சில கோப்புகளை மட்டும் பூட்டிய கோப்புறையில் வைக்கலாம். எண்ணிக்கை குறைவு என்பதால் தேடல் இல்லாதது பெரிய குறையாகாது. அவற்றை யார் பார்க்கலாம் என்பதை நோயாளியே முடிவு செய்ய வேண்டும். கோப்புறையை உருவாக்கிய மகனோ மகளோ அல்ல.

அந்தரங்கம் என்றதும் நாம் எங்கோ இருக்கும் ஊடுருவிகளை நினைக்கிறோம். அவர்களும் பொய்யல்ல, 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை முடக்கிய தாக்குதலால், பல நாள் அங்கே காகிதத்தில் எழுதி வேலை நடந்தது. ஆனால், ஆனைக்குட்டத்துப் பெண்ணுக்குத் தன் மூச்சிரைப்பு அறிக்கை யார் கண்ணில் படக் கூடாது? வேலையை நிறுத்திவிடக்கூடிய மேலாளர், சம்பந்தம் பேச வருகிறவர்கள், கைபேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்த கடை. இவர்கள் அனைவரும் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள். 2023-ஆம் ஆண்டின் மின்வடிவத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. குடும்பக் குழுவில் போட்ட அறிக்கையைச் சித்தப்பா இன்னொருவருக்குக் காட்டினால் இந்தச் சட்டத்திடம் போய் நிற்க முடியாது. கடன் செயலிகளும் அருகில் இருக்கும் ஆபத்துதான்: வாடிக்கையாளரின் கைபேசிக் கோப்புகளையும் படங்களையும் அவை தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் கட்டுப்படுத்தியது. ஆனால், முறையற்ற செயலி 'அனுமதி' கேட்கும்போது நாம் அழுத்தும் பொத்தானை ரிசர்வ் வங்கி வந்து தடுக்காது.

அரசின் 'ஆபா' கணக்கு இதில் எங்கே நிற்கிறது? 14 இலக்க எண். ஆயுஷ்மான் பாரத் மின்னணு சுகாதாரத் திட்டத்தின் கீழ் வருவது. இதைச் சேமிப்புக் கிடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கின்றன. எண் அவற்றை இணைக்கிறது. இன்னொரு மருத்துவர் பார்க்க நோயாளியின் ஒப்புதல் வேண்டும். அதற்குக் கால வரம்பு வைக்கலாம், திரும்பப் பெறவும் செய்யலாம். அந்தரங்க நோக்கில் இது மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்த வடிவமைப்பு. ஆனால், திட்டத்தில் இணைந்த மருத்துவமனை அங்கே பதிந்தால்தான் அறிக்கை அதில் தெரியும். சிறிய ஆய்வகத்தில் எடுத்த பரிசோதனையை நாமேதான் ஏற்ற வேண்டும். நுழைவுக்கான ஒருமுறைக் கடவுச்சொல்லும் பதிவு செய்த கைபேசிக்கே வரும். அது வீட்டில் பூட்டிக் கிடக்கும் கைபேசி என்றால், மதுரையில் யாரும் எதையும் திறக்க முடியாது. எனவே ஆபா கூடுதலாக இருக்கட்டும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அவசரத்துக்கு ஒரே ஒரு பக்கம் போதும். பெயர், ரத்த வகை, ஒவ்வாத மருந்து, தினசரி மாத்திரைகளும் அளவும், கடைசி கிரியாட்டினினும் அதன் தேதியும், தொடர்பு எண் இரண்டு. இதைத் தேட வேண்டியே இருக்கக் கூடாது. காகித நகல் ஒன்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்திலும், மின்நகல் ஆலையில் வேலை செய்யாத ஒருவரிடமும் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே ஆலைக்குப் போகிற வீட்டில், ஒருவருக்கொருவர் நகல் கொடுத்துக்கொள்வதில் பயனில்லை. மருந்து மாறினால் பக்கத்தை அன்றே மாற்றித் தேதியிட வேண்டும். தேதியில்லாத மாத்திரைப் பட்டியல் மருத்துவரைத் தவறான வழியில் இட்டுச்செல்லும்.

எந்தக் காகிதத்தை முதலில் ஸ்கேன் செய்வது என்று கேட்டால், இசிஜி தாள். அது வெப்பத்தால் எழுத்து பதியும் தாள். வெயிலிலும் சூட்டிலும் மங்கி, சில ஆண்டுகளில் வெறும் தாளாகிவிடும். விருதுநகர் வெயிலில், தகரக் கூரைக்கடியில் பெட்டியில் கிடக்கும் தாளுக்கு ஆயுள் இன்னும் குறைவு. அடுத்தது, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றதன் 'டிஸ்சார்ஜ்' சுருக்கம். அது தொலைந்திருந்தால் மருத்துவமனையில் எழுத்துமூலம் கேட்கலாம்: 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால், உள்நோயாளியின் பதிவுகளை அவர்கள் வைத்திருக்க வேண்டிய காலம் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள்தான். 2023-இல் நடந்த அறுவைச் சிகிச்சைக்கு அந்தக் கணக்கு 2026-இல் முடிகிறது.