குளிர்சாதனப் பெட்டியின் மூன்று கணக்குகள்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இரண்டு குளிர்சாதனப் பெட்டிகளைக் காண்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 250 லீற்றர் என்றே எழுதப்பட்டிருக்கிறது. எதை வாங்குவது?

முதலில் அது எந்த 250 என்று கேட்க வேண்டும். முதற் பெட்டியில் அது மொத்தக் கொள்ளளவு. பொருள் வைக்கப் பயன்படும் இடம் 215 லீற்றரே. இரண்டாவதிலோ பயன்படும் இடமே 250 லீற்றர்.

அடுத்தது மின்சாரம். முதலாவதற்கு ஆண்டுக்கு 240 அலகும் இரண்டாவதற்கு 252 அலகும் செலவாகும் என்று சிட்டை கூறுகிறது. மாதத்துக்கு ஓர் அலகே வேறுபாடு. அதற்குக் கிடைப்பதோ 35 லீற்றர் கூடுதல் இடம். ஆனால், இரண்டும் ஒரே வெப்பநிலையில் அளக்கப்பட்டனவா என்று பார்த்தல் அவசியம். 16 பாகையில் அளந்தால் செலவு குறைந்தே தோன்றும். கொழும்புச் சமையலறைக்கு 32 பாகையில் அளந்த கணக்கே பொருந்தும்.

இறுதியாக உத்தரவாதம். பத்தாண்டு என்னும் பெரிய எழுத்து பெரும்பாலும் கொம்பிரசருக்கு மட்டுமே உரியது. கதவு, வெப்பச்சீராக்கி முதலியவற்றுக்கு எத்தனை ஆண்டு? கொம்பிரசரை மாற்றும்போது வாயு நிரப்பும் செலவும் கூலியும் எவருடையவை? விடையை விற்பனையாளரிடம் எழுத்தில் பெற்று, பற்றுச்சீட்டுடன் சேர்த்து வையுங்கள். வாய்மொழி உறுதி பழுது நேரும் நாளில் துணை நிற்பதில்லை.

இம்மூன்றையும் ஒரே தாளில் அருகருகே எழுதிய பின்னரே விலையை ஒப்பிடுங்கள்.