நூறு ரெஸ்யூம், இரண்டு பட்டியல்

கணக்காளர் வேலை ஒன்றுக்கு 100 ரெஸ்யூம்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம. மனிதவளப் பிரிவில் இருவர் தனித்தனியாக அத்தனையையும் படித்து, ஆளுக்கு 20 பேரை நேர்காணலுக்குக் குறிக்கிறார்கள். பட்டியல்களை ஒப்பிட்டால் 80 ரெஸ்யூம்களில் இருவர் முடிவும் ஒன்று. 80 சதவீதம் பொருந்துகிறது என்று அறிக்கை போய்விட்டால் யாரும் மறுகேள்வி கேட்கப் போவதில்லை.

கேட்டே ஆக வேண்டும். பொருந்திய 80-இல் 70 பேர் இருவருமே தள்ளிவிட்டவர்கள். இருவரும் சேர்ந்து அழைத்தவர்கள் 10 பேர்தான். மற்ற 20 பேருக்கு அழைப்பு வருமா வராதா என்பது, அவர்கள் ரெஸ்யூம் யார் கைக்குப் போனது என்பதைப் பொறுத்தது.

இருவரும் எதையும் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு 20 பேரை எடுத்திருந்தால்கூட, சராசரியாக 4 பேர் இரண்டு பட்டியலிலும் வருவார்கள்; 64 பேர் இரண்டிலும் விடுபடுவார்கள். ஆக, 68 சதவீதப் பொருத்தம் சும்மாவே கிடைக்கும். படித்துப் பார்த்ததால் கூடியது 12 மட்டுமே; கூடியிருக்கக்கூடியது 32. பன்னிரண்டை முப்பத்திரண்டால் வகுத்தால் சுமார் 0.38. ஜேக்கப் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-இல் தந்த ‘கப்பா’ அளவு இதுதான். தற்செயலுக்கு மேல் ஒன்றுமில்லை என்றால் 0, முழுப் பொருத்தம் என்றால் 1. தணிக்கை செய்பவர் முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணை, சதவீதத்தை அல்ல.

இவ்வளவு வேறுபாடு இருக்காது என்றுதான் நிர்வாகிகள் நினைப்பார்கள். டேனியல் கானமன், ஒலிவியே சிபோனி, காஸ் சன்ஸ்டீன் மூவரும் 2021-இல் வெளியிட்ட ‘நாய்ஸ்’ நூலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தணிக்கை வருகிறது. ஒரே கோப்புக்கு இரண்டு அலுவலர்கள் போடும் பிரீமியம் 10 சதவீதம் வித்தியாசப்படலாம் என்று மேலாளர்கள் கணித்தார்கள். சோதித்தபோது வந்த இடைநிலை வித்தியாசம் 55 சதவீதம்.

வேறுபாடு இருப்பது தெரிந்த பிறகு, அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஒருவர் 30 பேரையும் மற்றவர் 10 பேரையும் அழைத்து, அந்தப் 10 பேரும் 30-க்குள் இருந்தால் சிக்கல் சிறியது: ஒருவர் தாராளம், மற்றவர் கறார். இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கையை முடிவு செய்து, வரிசைப்படுத்தித் தரச் சொன்னால் தீர்ந்துவிடும். நம் உதாரணத்தில் இருவரும் எடுத்தது 20-20. கறார்த்தனத்தைக் குறை சொல்ல வழியில்லை. இருவரும் தேடுவதே வேறு வேறு.

அதைக் கண்டுபிடிக்க, முரண்பட்ட 20 ரெஸ்யூம்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதித் தரச் சொல்ல வேண்டும், இருவரும் பேசிக்கொள்வதற்கு முன்பே. பேசிவிட்டால் மூத்தவர் சொன்னது இருவர் கருத்தாகிவிடும். தணிக்கைக்குத் தடயம் மிஞ்சாது. ஒரு ரெஸ்யூம்: பி.காம்., ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு ஆண்டு, டேலி தெரியும், ஜிஎஸ்டி தாக்கல் செய்திருக்கிறார், பிறகு இரண்டு ஆண்டு இடைவெளி. ஒருவர் “அனுபவம் இருக்கிறது, கூப்பிடலாம்” என்கிறார். மற்றவர் “இடைவெளி, வேண்டாம்” என்கிறார். இடைவெளியைப் பற்றி விதிமுறையில் ஒரு வரிகூட இல்லை. அதில் இருந்தது ‘நல்ல அனுபவம்’ என்ற இரண்டு சொல் மட்டும். தவறு அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. ‘குறைந்தது 3 ஆண்டு ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தானே தாக்கல் செய்திருக்க வேண்டும், இடைவெளி கணக்கில் வராது’ என்று எழுதினால் இருவரும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். புது விதியோடு புதிய ரெஸ்யூம்களைக் கொடுத்துக் கப்பாவை மறுபடி கணக்கிட வேண்டும். பழையவற்றைக் கொடுத்தால் நினைவிலிருந்து பதில் வரும்.

இன்னொரு வகை வேறுபாடு ஒருவருக்குள்ளேயே இருக்கும். சில வாரம் கழித்து, பெயரையும் வடிவமைப்பையும் மாற்றி, முன்பு பார்த்த சில ரெஸ்யூம்களைக் கலந்து கொடுத்தால் அது வெளிவரும். தன் பழைய முடிவோடே பொருந்தாதவர் அடுத்தவரோடு பொருந்துவார் என்று எதிர்பார்க்க முடியாது.

கப்பா உயர்ந்துவிட்டால் தேர்வு சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைய முடியாது என்பதுதான் இதில் கவலைக்குரியது. இருவருக்கும் ஒரே பாரபட்சம் இருந்தால் எண் அழகாகவே வரும். மரியான் பெர்ட்ரான்டும் செந்தில் முல்லைநாதனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை ரெஸ்யூம்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர் தாங்கியவற்றைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. அதனால் தணிக்கைக் கட்டில், தகுதி அத்தனையும் ஒன்றாக வைத்து, பெயரோ முகவரியோ மட்டும் மாறிய ஜோடிகளையும் சேர்க்க வேண்டும். ஜோடியில் ஒன்றை ஒரு பரிசீலகருக்கும் மற்றொன்றை இன்னொருவருக்கும், எது யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து கொடுத்து, எந்தப் பெயருக்கு எத்தனை அழைப்பு விழுந்தது என்று எண்ண வேண்டும். பத்து ஜோடியில் ஒன்றும் தெரியாது. பல பரிசீலகர்களும் நூற்றுக்கணக்கான ஜோடிகளும் சேர்ந்தால்தான் போக்கு புலப்படும்.