இரண்டு ஜிபி ராமில் என்ன ஓடும்?

2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது வந்த மாடல்களில் 2 ஜிபி ராம்தான் இருந்தது. அன்றைக்கு அது போதும். புராஜெக்ட் ரிப்போர்ட் டைப் அடிக்கலாம், படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற லினக்ஸும் அதில் இருந்தது. பெரும்பாலான மாணவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அப்படிப்பட்ட லேப்டாப்புகள் இன்றும் பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கின்றன. கீபோர்டு வேலை செய்கிறது, திரையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆன் செய்து பிரவுசரைத் திறந்தால் மவுஸ் அம்புக்குறி உறைந்து நிற்கிறது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபரிலும் நின்றுபோயின. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும்.

இந்த நிலையில்தான் லினக்ஸ் போடலாமா, போட்டால் எந்த லினக்ஸ் என்ற கேள்வி வருகிறது. ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்: மின்ட், லுபுண்டு, ஆன்டிஎக்ஸ், பப்பி. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பயன் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னல் ஒன்றுதான். ராமைத் தின்பதில் வித்தியாசம் வருவது அதற்கு மேல் இருக்கும் டெஸ்க்டாப்பால். மெனு, டாஸ்க்பார், விண்டோக்களின் ஓரம், பின்னணியில் தானாக ஓடும் சின்னச் சின்ன புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2 ஜிபியில் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும், நம் கையில் நிற்பது சுமார் 1.8 ஜிபி. உபுண்டுவில் வழக்கமாக வரும் க்னோம் டெஸ்க்டாப், எதையும் திறக்காமலே ஏறத்தாழ ஒரு ஜிபியை விழுங்கிவிடும். எல்எக்ஸ்க்யூடி என்ற டெஸ்க்டாப் 500 எம்பிக்கு முன்பின்னாக நிற்கும். ஆன்டிஎக்ஸ் முழு டெஸ்க்டாப் இல்லாமல் வெறும் விண்டோ மேனேஜரோடு வருவதால் அதில் பாதியிலேயே முடித்துக்கொள்ளும்.

அடுத்து பிரவுசர். உண்மையான பெருந்தீனி அதுதான். ஃபயர்பாக்ஸைத் திறந்து ஜிமெயிலோ யூடியூபோ போட்டால் ஒரே டேபில் 500 எம்பி போய்விடும். அதற்குப் பிறகு திறக்கும் ஒவ்வொரு கனமான தளமும் 200, 300 எம்பி கேட்கும். க்னோமில் இரண்டாவது டேபுக்கே மூச்சு முட்டும். எல்எக்ஸ்க்யூடியில் நான்கைந்து டேப் வரை தாங்கும். ஆன்டிஎக்ஸ் போட்டால் கூடுதலாக ஒரு டேப் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு டேபுக்காகப் பழக்கமில்லாத மெனுவோடு வீட்டில் எல்லோரும் மல்லுக்கட்ட வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். 2 ஜிபி இருந்தால் டெபியன் 13இன் எல்எக்ஸ்க்யூடி பதிப்பு, 1 ஜிபி மட்டுமே என்றால் ஆன்டிஎக்ஸ், 4 ஜிபி என்றால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இதுதான் என் சிபாரிசு.

டெபியனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பதிப்பு வெளிவந்தால் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் வரும், அதுவரை மீண்டும் போட வேண்டியதில்லை. வைஃபை கார்டுகளுக்கு வேண்டிய ஃபர்ம்வேரும் 12ஆம் பதிப்பிலிருந்து அதனுடனேயே வருகிறது. ஆனால் பதிப்பு 13க்கு 64 பிட் பிராசஸர் கட்டாயம். பழைய நெட்புக்குகளில் இருந்த இன்டெல் ஆட்டம் என்270 போன்றவை 32 பிட் மட்டுமே. அவற்றுக்கு ஆன்டிஎக்ஸ் 23இன் 32 பிட் பதிப்பைப் போடலாம்.

போடுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிடலாம். டெபியனின் லைவ் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, பலேனா எட்சர் போன்ற புரோகிராமால் பென்டிரைவில் எழுதி, லேப்டாப்பை அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், டச்பேட் நான்கையும் இங்கேயே சோதித்துவிடுங்கள். இங்கே வராத வைஃபை, இன்ஸ்டால் செய்தபின் தானாக வந்துவிடாது. பிறகு டெர்மினலைத் திறந்து இந்த இரண்டையும் அடியுங்கள்:

```
lscpu
free -h
```

முதல் கட்டளை தரும் பட்டியலில் `CPU op-mode(s)` என்ற வரியில் 64-bit என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாவதில் `free` என்ற பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காலியாக இருக்கும் ராமை லினக்ஸ் ஃபைல்களை நினைவில் வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது `available` என்ற கடைசிப் பத்தி. பென்டிரைவில் ஓடும்போது எழுதப்படும் ஃபைல்களும் ராமிலேயே தங்குவதால், இன்ஸ்டால் செய்தபின் இந்த எண் இன்னும் கொஞ்சம் கூடும்.

இன்ஸ்டாலர் டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்று கேட்கும். முழு டிஸ்க்கையும் அழிக்கும் வழிதான் சுலபமானது. அதைத் தேர்ந்தெடுத்தால் பழைய போட்டோ, மார்க்‌ஷீட் ஸ்கேன் எல்லாம் போய்விடும். எனவே முதலில் அவற்றை வேறோர் இடத்தில் காப்பி எடுத்து, அங்கே திறந்தும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராம் நிரம்பினால், உடனடியாகத் தேவைப்படாததைக் கெர்னல் டிஸ்க்கில் ‘ஸ்வாப்’ என்ற இடத்துக்குத் தள்ளும். பழைய ஹார்டு டிஸ்க்கில் அது மிக மெதுவான வேலை. லேப்டாப் ஓரத்தில் இருக்கும் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்து, மவுஸும் நகரவில்லை என்றால் நடப்பது இதுதான். இதற்கு ஒரு நல்ல மாற்று, இசட்ராம். ராமிலேயே ஒரு பகுதியில் தகவல்களைச் சுருக்கி வைப்பது அதன் வேலை.

```
sudo apt install zram-tools
sudo nano /etc/default/zramswap
```

அந்த ஃபைலில் `ALGO=zstd`, `PERCENT=50` என்று இரண்டு வரிகளையும் முன்னால் # இல்லாமல் எழுதி, சேமித்து, ரீஸ்டார்ட் செய்தால் போதும். 2 ஜிபி லேப்டாப்பில் சுமார் ஒரு ஜிபி அளவுத் தகவலை இப்படி ஒதுக்கலாம். சுருங்கியபின் அது பிடிக்கும் இடம் பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. சுருக்கி விரிக்கப் பிராசஸருக்குக் கொஞ்சம் வேலை கூடும், ஆனால் ஹார்டு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. `sudo zramctl` என்று அடித்தால் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவாகச் சுருங்கியது என்று காட்டும்.

தமிழில் டைப் அடிப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் `fonts-lohit-taml` என்ற பேக்கேஜைப் போட வேண்டும். தமிழ்99 முறையில் அடிக்க `ibus-m17n` போதும்.

எந்த லினக்ஸாலும் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. யூடியூப் இன்று பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோ அனுப்புகிறது. இவற்றை விரிக்கும் சர்க்யூட் பத்துப் பதினைந்து ஆண்டு பழைய சிப்பில் கிடையாது, எல்லாப் பாரமும் பிராசஸர் தலையில் விழும். 480பி வரை வைத்துக்கொண்டால் ஓடும். கேமராவை ஆன் செய்து ஆன்லைன் வகுப்பில் உட்கார இந்த லேப்டாப் சரிப்படாது.

ராம் கூட்ட முடியுமா என்பதையும் இதே டெர்மினலில் பார்த்துவிடலாம். `sudo dmidecode -t memory` என்று அடித்தால், போர்டில் எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு தாங்கும், இப்போதுள்ளது டிடிஆர்2ஆ டிடிஆர்3ஆ என்பதைச் சொல்லும். அதிகபட்ச அளவை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், சில போர்டுகள் அதைத் தவறாகச் சொல்லும். மாடல் எண்ணை வைத்து ஒருமுறை சரிபாருங்கள். டிடிஆர்3 என்றால் செகண்ட் ஹேண்ட் ராம் தேடிப் பார்க்கலாம். ஸ்லாட்டும் வகையும் பொருந்தி 4 ஜிபி ஆகிவிட்டால், மேலே சொன்ன டேப் கணக்கே மாறிவிடும்.