பால் திரிஞ்சு போச்சா? ரொம்ப நல்லது!

எங்க வீட்டுல பால் திரிஞ்சா அது ஒரு சின்ன துக்கம். அம்மா பாத்திரத்தை எட்டிப் பார்த்துட்டு "போச்சு"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அப்புறம் அன்னைக்கு முழுக்க பால்காரருக்கு அர்ச்சனைதான். அப்படிப்பட்ட வீட்டுல பொறந்த நான், இங்கே ஜெர்மனியில காசு கொடுத்து வாங்கின நல்ல பாலை வேணும்னே திரிச்சுக்கிட்டு இருக்கேன். எல்லாம் பனீருக்காக.

கடையில பனீர் கிடைக்காமல் இல்லை. இந்தியக் கடைக்குப் போக ரெண்டு ட்ராம் மாறணும். அங்கே போனா ஒரு சின்னக் கட்டிக்கு அவங்க சொல்ற விலையில எனக்கு ஒரு வாரத்துக்குக் காய்கறி வந்துடும். போன தீபாவளிக்கு ஹாஸ்டல் நண்பர்கள் எட்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அதுல மூணு பேர் சைவம். "பாலக் பனீர் நான் பார்த்துக்கிறேன்"னு வாய் விட்டுட்டேன். பால் இருக்கு, எலுமிச்சம்பழம் இருக்கு, இதுல என்ன பெரிய வித்தைன்னு ஒரு தைரியம்தான்.

அலமாரியில இருந்த ரெண்டு லிட்டர் ஹா-மில்ஷை எடுத்தேன். ஃப்ரிட்ஜ் இல்லாமலே மாசக்கணக்கில் கெடாம இருக்கிற பால், நம்மளை மாதிரி மாணவர்களுக்குக் கண்கண்ட தெய்வம். தளதளன்னு கொதிக்கவிட்டு, அடுப்பை அணைக்காமலே ரெண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சேன். திரிஞ்சுது. ஆனா கட்டி கட்டியா இல்லாம, ரவையைத் தூவின மாதிரி பொடிப்பொடியா. துணியில வடிகட்டினா தண்ணி வெள்ளையாவே இறங்குது. எப்படியோ அமுக்கி, வெட்டி, கீரையில போட்டேன். ரெண்டு கிண்டு கிண்டினதும் பனீரைக் காணோம்! கீரைக்குள்ள வெள்ளைப் புள்ளிகள் மட்டும். வந்தவங்க நல்லவங்க, "பாலக் நல்லா இருக்கு"ன்னாங்க. பனீரைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கலை. அதுதான் ரொம்ப வலிச்சுது.

மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டேன். "நல்ல பாலை யாராவது திரிப்பாங்களாடா?"ன்னு முதல்ல திட்டு. அப்புறம் அவங்களே, "இங்கே பால் தானா திரிஞ்சா பெரிசு பெரிசா திரளும், அதுல சர்க்கரை போட்டுக் கிண்டுவேன். உன்னோடது ஏன் மணலாச்சு? பாலு சரியில்லையோ என்னவோ"ன்னாங்க. எல்லாத் தப்பும் என் கையிலதான்னு நினைச்சுக்கிட்டிருந்த எனக்கு அப்பத்தான் பாலைச் சந்தேகப்படணும்னே தோணிச்சு.

விஷயம் இதுதான். பால்ல இருக்கிற கேசின் புரதம் குட்டிக் குட்டி உருண்டைகளா மிதக்குது. ஒவ்வொண்ணும் எதிர் மின்சுமையோட இருக்கறதால ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும். புளிப்பு சேர்ந்தா அந்தத் தள்ளல் போயிடும், உருண்டைகள் ஒட்டிக்கிட்டுத் திரளும். பாலோட கொழுப்பும் அந்த வலைக்குள்ள மாட்டிக்கும். ஆனா ஹா-மில்ஷை ஏற்கெனவே 135 டிகிரிக்கு மேல சில விநாடி சூடாக்கிட்டுத்தான் டப்பாவுல அடைக்கிறாங்க. அந்தச் சூட்டுல, தண்ணியில கரைஞ்சிருக்கிற மத்த புரதங்கள் போய் கேசின் மேல அப்பிக்கும். அப்புறம் எவ்வளவு புளிப்பு ஊத்தினாலும் இறுக்கமான திரள் வராது, நொறுங்குற திரள்தான் வரும். பொரியலுக்கு உதிர்த்துப் போட அது ஓகே, துண்டு போடத் தேறாது.

அதனால அடுத்த சனிக்கிழமை ஃப்ரிட்ஜ் பக்கம் விக்கிற சாதா ஃப்ரிஷ்மில்ஷ், 3.5 சதவீதக் கொழுப்பு, ரெண்டு லிட்டர் வாங்கினேன். கொழுப்பு குறைச்ச பால் வேண்டாம், அதுல வர்ற பனீர் ரப்பர் மாதிரி இருக்கும். ஒரு லிட்டரை எலுமிச்சையிலயும், இன்னொரு லிட்டரைத் தயிர்லயும் திரிச்சுப் பார்க்கிறதுன்னு முடிவு.

அடி கனமான பாத்திரத்துல பாலை அடிப்பிடிக்காம கிண்டிக் கொதிக்க விட்டேன். பொங்கி வந்ததும் அடுப்பை அணைச்சுட்டு ரெண்டு மூணு நிமிஷம் சும்மா இருந்தேன். போன தடவை நான் செஞ்ச ரெண்டாவது தப்பு இங்கேதான். கொதிக்கக் கொதிக்கப் புளிப்பை ஊத்தி, திரிஞ்ச பிறகும் கொதிக்க விட்டா திரள் விறைச்சுப் போயிடும். 80 டிகிரி பக்கத்துல இருந்தாப் போதும். அதாவது ஆவி நல்லா வரும், குமிழி வராது.

எலுமிச்சைச் சாறு ரெண்டு மேசைக்கரண்டி, அதே அளவு வெந்நீர்ல கலந்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, கரண்டியால மெதுவா ஒரு சுத்து மட்டும். வேகமாக் கலக்கினா திரள் உடைஞ்சு பொடியாயிடும். எப்போ நிறுத்தறதுன்னு தண்ணியே சொல்லும். வெளிர் பச்சை கலந்த மஞ்சளாத் தெளிஞ்சுட்டா முடிஞ்சுது. இன்னும் பால் மாதிரி கலங்கலா இருந்தா இன்னொரு ஸ்பூன். தெளிஞ்ச பிறகும் ஊத்தினா பனீர் புளிக்கும், காய்ஞ்சும் போகும்.

தயிருக்கு இதே வேலைதான், ஆனா பொறுமை வேணும். ஃப்ரிட்ஜ்க்கு வெளியே ஒரு நாள் வச்சுப் புளிக்க வச்ச தயிர், கிட்டத்தட்ட அரைக் கப், நல்லாக் கடைஞ்சு ஊத்தினேன். புளிக்காத தயிரா இருந்தா கப் கப்பா ஊத்தினாலும் பால் அசையாது. எலுமிச்சையில சட்டுன்னு பிரிஞ்சுது. இதுல அடுப்பை மறுபடி சிம்ல வச்சு அஞ்சு நிமிஷம் காத்திருந்த பிறகுதான் மெல்லத் திரண்டுச்சு.

வடிகட்ட, அம்மா பெட்டியில வச்சு அனுப்பின வேட்டியில பாதி. (மீதிப் பாதி பொங்கலுக்கு.) திரளைத் துணியில கொட்டி, எலுமிச்சை வாசனை போகக் கொஞ்சம் பச்சைத் தண்ணி ஊத்தி, மூட்டையாக் கட்டிக் குழாயில பத்து நிமிஷம் தொங்கவிட்டேன். முறுக்கிப் பிழிஞ்சா கொழுப்பும் சேர்ந்து வழிஞ்சுடும், வேண்டாம். அப்புறம் தட்டையா மடிச்சு ரெண்டு தட்டுக்கு நடுவுல வச்சு, மேல பாதி தண்ணி ரொப்பின குக்கர். மொத்தம் ஒரு மூணு கிலோ இருக்கும். முக்கால் மணி நேரம்.

கடைசியா, கட்டியை ஃப்ரிட்ஜ்ல ஐஸ் தண்ணிக்குள்ள ரெண்டு மணி நேரம். சூட்டோட வெட்டினா ஓரம் உதிரும். குளிர்ந்தா கொழுப்பு இறுகி, கத்தி போற வழியில துண்டு விழும்.

எலுமிச்சைப் பனீர் கெட்டி, வெட்டினா கூர்மையான ஓரம், வறுக்க நல்லது. தயிர்ப் பனீர் மெத்துன்னு, லேசா இனிப்பு, கிரேவிக்கு அதுதான். ரெண்டும் சேர்த்து 280 கிராம் தேறிச்சு. மீந்த தண்ணியைக் கொட்டிடாதீங்க, சப்பாத்தி மாவு பிசைஞ்சா மிருதுவா வரும்.

போன மாசம் அதே எட்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டேன். கீரையில பனீர் துண்டு துண்டா நின்னுச்சு. ஒருத்தன் மூணாவது தடவை போட்டுக்கிட்டே, "எந்தக் கடையில வாங்கினே?"ன்னான். அம்மாகிட்ட சொன்னப்போ, "இனிமே இங்கே பால் திரிஞ்சா உனக்குத்தான் போன் பண்ணணும்"ன்னாங்க.

டிஸ்கி: ஆட்டுப்பால்ல யாராவது பனீர் செஞ்சு பார்த்திருக்கீங்களா? பக்கத்து ரூம்காரன் ரெண்டு லிட்டர் வாங்கி வச்சுக்கிட்டு என்னையே பார்க்கறான். பின்னூட்டத்துல சொல்லிக் காப்பாத்துங்க மக்களே!